இரவில் கொடுக்கும் வலிப்பு மருந்துச் சிரப்பும் நான்கு வயதுக் குழந்தையின் முன்பற்களும்

மாலதி_பாலக்கோடு

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது, எடை 15 கிலோ. வலிப்பு நோய்க்காக ஒன்றரை ஆண்டுகளாகச் சோடியம் வால்ப்ரோயேட் சிரப் கொடுத்து வருகிறோம். 5 மி.லி.யில் 200 மி.கி. மருந்து உள்ள சிரப் அது. காலை 8 மணிக்கு 5 மி.லி., இரவு படுக்கும்போது, அதாவது ஒன்பதரை மணிவாக்கில், இன்னொரு 5 மி.லி. கொடுக்கிறோம். வலிப்பு நன்றாகக் கட்டுக்குள் இருக்கிறது, ஆகவே மருந்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சென்ற வாரம் முகம் கழுவிவிடும்போது மேலுதடு விலகியதில், மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீட்டியதுபோல வெள்ளைக் கோடு இருப்பதைக் கண்டேன். வலி இல்லை, குழியும் இல்லை. தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரால் வரும் கறை இது, எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் இருந்தது என்கிறார் என் மாமியார். மருந்துக்கடையில் இருந்தவரோ சிரப்பில் இருக்கும் சர்க்கரையால் வந்திருக்கலாம் என்றார். நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டி மருந்துக்குள் இருக்கும் சர்க்கரை பல்லைக் கெடுக்குமா? கெடுக்குமென்றால், மருந்தை மாற்றாமலே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மருந்தாளுநர்_சேலம்

சகோதரி, முதலில் புட்டியின் லேபிளில் மூலப்பொருள் எழுதியிருக்கும் இடத்தின் கடைசி வரியைப் பாருங்கள். மணமூட்டிய சிரப் அடிப்படை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் அது சர்க்கரைப் பாகு. சர்க்கரையற்ற அடிப்படை அல்லது சார்பிட்டால் அடிப்படை என்று இருந்தால் அது வேறு வகை. நம் நாட்டு லேபிள்களில் எவ்வளவு சர்க்கரை என்ற அளவு பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரே மருந்தை ஒரு நிறுவனம் சர்க்கரையோடும் இன்னொரு நிறுவனம் இல்லாமலும் தயாரிக்கும் என்பதால், பெயரை வைத்து ஊகிப்பதும் பயன்தராது.

மருந்தியலில் நாங்கள் படிக்கும் அடிப்படைச் சிரப் என்பது எடையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.7 விழுக்காடு, வெறும் சர்க்கரைதான். வால்ப்ரோயேட்டின் கசப்பை மறைக்க மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. அந்த அடர்த்தியில் கிருமி வளராது, நீர்மம் கெட்டியாக இருப்பதால் அளந்து ஊற்றவும் எளிது, விலையும் குறைவு. ஆகவே சர்க்கரையை எடுத்துவிட்டால் பதப்படுத்தி, கெட்டியாக்கி, இனிப்பூட்டி என்று மூன்று நான்கு பொருள்களை அதன் இடத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் சிரப்பில் 5 மி.லி.க்கு 3 கிராம் சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 6 கிராம், ஆண்டொன்றுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட அளவு, உங்கள் புட்டியைப் பற்றிய உறுதி அன்று. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கடையில் கேட்டு நீங்களாகவே வேறு நிறுவனத்தின் சிரப்புக்கு மாறிவிடாதீர்கள். வலிப்பு மருந்தில் அது நரம்பியல் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

கதிரவன்_ஓய்வு_ஆசிரியர்

மருந்தாளுநர் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6 கிராம் என்பது ஒரு தேக்கரண்டியை விடச் சற்றுக் கூடுதல். இக்காலப் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் தின்னும் கிரீம் பிஸ்கட்டில் இதைவிட மிகுதியான சர்க்கரை இருக்கும்போது, பாவம், உயிர்காக்கும் மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையா? சர்க்கரையின் மொத்த அளவைக் குறைக்க வேண்டும் என்றால் தின்பண்டத்தில் குறைக்கலாமே.

வெள்ளைச் சர்க்கரைதான் உங்கள் கவலை என்றால், முன்னோர் மருந்தைத் தேனில் குழைத்தே கொடுத்தார்கள், லேகியத்தில் பனங்கருப்பட்டி சேர்த்தார்கள். சர்க்கரையில்லாச் சிரப் கிடைத்தால் அதைத் தேனில் கலந்து கொடுங்கள். இயற்கை இனிப்பு பல்லைக் கெடுக்காது.

பல்மருத்துவர்_குழந்தைகள்_பிரிவு

ஐயா சொன்னதன் முதல் பாதி சரி. மொத்த அளவை மட்டும் பார்த்தால் பிஸ்கட்டே பெரிய குற்றவாளி. ஆனால் பல் சொத்தையைத் தீர்மானிப்பதில் கிராம் கணக்கை விட, சர்க்கரை எத்தனை முறை வாய்க்குள் வருகிறது, வந்தபின் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்பனவே முதன்மையானவை. சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிப் படலம் அமிலத்தைச் சுரக்கத் தொடங்கும். அங்கே பிஹெச் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும். விழித்திருக்கும் குழந்தைக்கு எச்சில் சுரந்து, அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அந்த அமிலத்தைச் சமன்செய்து, கரைந்ததில் ஒரு பகுதியை மீண்டும் பல்லில் சேர்த்துவிடும். உறங்கும்போது எச்சில் சுரப்பு கிட்டத்தட்ட நின்றேபோகிறது. ஆகவே மாலை நான்கு மணிக்குத் தின்ற பிஸ்கட்டும், பல் துலக்கிப் படுத்தபின் இரவு ஒன்பதரைக்கு விழுங்கிய கெட்டியான பாகும் கிராமில் சமமாகவே இருந்தாலும் பல்லுக்குச் செய்யும் கேட்டில் சமமல்ல. பிஸ்கட்டை ஒருநாள் மறுக்கலாம், இந்த மருந்தை ஒருவேளைகூட நிறுத்த முடியாது.

இது புதிய ஐயமும் அன்று. 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ராபர்ட்ஸ் என்ற பெயருடைய இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைந்தது ஆறு மாதம் சர்க்கரைச் சிரப் எடுத்த குழந்தைகளை, மாத்திரை எடுத்த அல்லது மருந்தே எடுக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டதில், சிரப் எடுத்தவர்களுக்குச் சொத்தையும் ஈறு அழற்சியும் தெளிவாகவே கூடுதலாக இருந்தன.

தேனும் கருப்பட்டியும் குறித்து: வாய்க் கிருமிக்கு வெல்லம், தேன், பனங்கருப்பட்டி என்ற வேறுபாடு கிடையாது. தேன் ஒட்டும் தன்மையால் இன்னும் நேரம் தங்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பது பல்லோடு தொடர்பில்லாத வேறொரு காரணத்தால் சொல்லப்படும் விதி.

மாலதி அம்மா, நீங்கள் விவரித்த கோட்டைப் பற்றி. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். எனினும் வேறுபடுத்தும் வழி ஒன்று உண்டு. தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடால் வரும் கறை, வாயின் இரு பக்கமும் ஒத்த பற்களில் ஒரேமாதிரி, பல்லின் பரப்பு முழுவதும் மங்கலான குறுக்குக் கோடுகளாகவோ திட்டுகளாகவோ பரவியிருக்கும். பால் பற்களில் அது அவ்வளவாக வருவதில்லை, வந்தாலும் கடைவாய்ப் பற்களிலேயே மிகுதி. தொடக்கநிலைச் சொத்தையோ ஈறின் வளைவைப் பின்பற்றி ஒரு பட்டையாக இருக்கும். பல்லைத் துணியால் துடைத்து உலரவிட்டால் இன்னும் வெளுப்பாக, பளபளப்பின்றித் தெரியும். கீழ் முன்பற்களை நாக்கும் அதன் அடியில் ஊறும் எச்சிலும் மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பித்துவிடும். கீழ்ப்பற்களில் கோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

செந்தில்_கரூர்

என் மகனுக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் கோடு வெள்ளையாக இல்லை, கறுப்பாக இருக்கிறது. மூன்று மாதமாக இரத்தச் சோகைக்கு இரும்புச் சத்துச் சிரப் கொடுக்கிறோம். எல்லாப் பற்களும் சொத்தையாகிவிட்டன என்று எண்ணி, நேற்றோடு மருந்தை நிறுத்திவிட்டேன். இது சர்க்கரையால்தானே?

மருந்தாளுநர்_சேலம்

செந்தில் ஐயா, உங்களுடையது வேறு கதை. இரும்புச் சிரப் பல்லின் மேற்பரப்பில் கறுப்புக் கறையாகப் படியும், அது சொத்தை அன்று. மருந்து முடிந்தபின் பல்மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். பல்லில் குழியோ மென்மையோ இருக்கிறதா என்பதை மட்டும் ஒருவர் பார்த்துவிடட்டும். நீங்களாக நிறுத்தியதை உங்கள் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், இரத்தச் சோகை அப்படியே இருக்கும்போது நிறுத்துவது நல்லதன்று. சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறம் விட்டு, உடனே தண்ணீர் குடிக்கச் செய்தால் கறை குறையும்.

ரேவதி_திருச்சி

எங்கள் பையனுக்கு ஒன்பது வயது, மூளை முடக்குவாதம் உண்டு. வால்ப்ரோயேட், லெவெட்டிராசெட்டாம் இரண்டும் நீர்மமாகவே போகின்றன, ஏனெனில் மாத்திரையை விழுங்க முடியாது. இங்கே எல்லோரும் மருந்து விழுங்கப்பட்டுவிடும் என்ற எண்ணத்தில் பேசுகிறீர்கள். அவன் விழுங்குவதில்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொண்டு அரைமணி நேரம்கூட வைத்திருப்பான். வாய் கொப்பளிக்கத் தெரியாது, தண்ணீரை வேகமாகக் கொடுத்தால் புரையேறும். கடைவாய்ப் பற்கள் நான்கு சொத்தையாகி, அவற்றில் இரண்டை மயக்கமருந்து கொடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. முன்பற்கள் நன்றாகவே இருந்ததால் நாங்கள் கவனிக்கவேயில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லும் 'தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள்' எந்த வகையில் பயன்படும்?

பல்மருத்துவர்_குழந்தைகள்_பிரிவு

ரேவதி அம்மா, நீங்கள் சொன்னது மிக முக்கியமான வேறுபாடு. மருந்தை அடக்கி வைக்கும் பிள்ளைகளுக்குச் சொத்தை கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கத்தில்தான் முதலில் தெரியும், அதனால் உதட்டை மட்டும் தூக்கிப் பார்ப்பது போதாது, கன்னத்தையும் விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். சிரிஞ்சில் ஒரே தள்ளலாக 5 மி.லி. விடாமல், ஒரு மி.லி. விட்டு, அது விழுங்கப்பட்டதைப் பார்த்தபின் அடுத்த மி.லி. விடுங்கள், உட்கார்ந்த நிலையில், முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க. முடிந்தபின் தண்ணீருக்குப் பதிலாக, நனைத்துப் பிழிந்த மெல்லிய வெள்ளைத் துணியை விரலில் சுற்றி அந்தக் கன்ன மடிப்பைத் துடைத்தெடுங்கள். கடிப்பான் என்றால் இரட்டையாக மடித்த துணியை மறுபக்கப் பற்களுக்கு இடையே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பையனைப் போன்றவர்களுக்குத்தான் சர்க்கரையில்லாத் தயாரிப்பைக் கேட்டுப் பெறுவதில் மிகப் பெரிய பயன் இருக்கிறது. என் கருத்தில், நரம்பியல் மருத்துவர் சீட்டில் மருந்தின் பெயரோடு 'சர்க்கரையற்றது' என்றும் எழுதித் தர வேண்டும். பிரிட்டனின் தேசிய மருந்துக் குறிப்பேட்டில் சர்க்கரையற்ற நீர்மங்கள் தனியே குறிக்கப்படுவதால் அங்கே எழுதுபவருக்கு அது நினைவுக்கு வருகிறது. இங்கே யாரேனும் கேட்டால்தான் நினைவுக்கு வருகிறது.

கதிரவன்_ஓய்வு_ஆசிரியர்

தேனைப் பற்றிய கருத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் சர்க்கரையில்லாதது என்று எழுதியதெல்லாம் அப்பழுக்கற்றதா? சார்பிட்டால் சேர்த்த மருந்தால் என் பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தபோது, அந்த மருந்து நம் மாநிலத்தில் தயாரானது என்று தெரிந்து எல்லோரும் பதறினோம். அது இத்தகைய மாற்றுப் பொருள்களால்தானே?

மருந்தாளுநர்_சேலம்

வயிற்றுப்போக்கு உண்மைதான். சார்பிட்டாலும் மால்ட்டிட்டாலும் குடலில் முழுதும் உறிஞ்சப்படுவதில்லை, ஆகவே அளவு கூடும்போது வயிறு இளகும். ஒருநாளில் மூன்று நான்கு சர்க்கரையில்லா நீர்மங்கள் சேர்ந்துபோகும் குழந்தைக்கு இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த இறப்புகளுக்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு. நீர்ம மருந்துகளில் பயன்படும் கரைப்பான்களின் தரம் சோதிக்கப்படாதபோது அது உள்ளே வந்துவிடுகிறது. சர்க்கரைச் சிரப்பிலும் அத்தகைய கரைப்பான் இருக்கக்கூடும் என்பதால், சர்க்கரை இருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது, இல்லாதது நச்சுக்குச் சான்றும் ஆகாது.

ஆனால் ஐயாவின் ஐயத்தில் ஓர் உண்மை உண்டு. சர்க்கரையில்லாத நீர்மங்கள் பலவற்றில் சுவைக்காகச் சிட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். சர்க்கரை இல்லாவிட்டாலும் அந்த அமிலம் நேரடியாகவே பல்லின் மேற்பரப்பை அரிக்கலாம். ஆகவே மருந்துக்குப்பின் வாயைச் சுத்தம் செய்வது எந்த வகைக்கும் பொருந்தும்.

மாலதி_பாலக்கோடு

மருத்துவர் சொன்னபடி பார்த்தேன். கீழ் முன்பற்களில் எதுவும் இல்லை. மேற்பற்களின் கோடு ஈறின் வளைவையே பின்பற்றுகிறது, துடைத்தபின் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும்: இரவு எட்டேகாலுக்குப் பல் துலக்கிவிட்டு, கதை சொல்லி, கண் சொக்கும் நேரத்தில் மருந்தைக் கொடுப்பது எங்கள் வழக்கம், அப்போதுதான் அவள் மறுக்காமல் குடிப்பாள். கசப்பு போக நாக்கில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் வைப்போம். மருத்துவமனைச் சீட்டில் 'காலை, இரவு' என்று மட்டுமே இருக்கிறது, படுக்கும் நேரத்தில் என்று இல்லை.

பற்பசை விஷயத்தில் வீட்டில் ஒரே சண்டை. ஃப்ளோரைடு உள்ள ஊரில் ஃப்ளோரைடு பற்பசை போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது என்கிறார் மாமியார். இதுவரை ஃப்ளோரைடு இல்லாத மூலிகைப் பசையே பயன்படுத்தினோம்.

பல்மருத்துவர்_குழந்தைகள்_பிரிவு

இப்போது படம் தெளிவாகிறது. நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இரவு மருந்தை ஒன்பதரையிலிருந்து ஏழரை அல்லது எட்டு மணிக்கு, உணவோடு மாற்றலாமா? காலை 8க்கும் இரவு ஒன்பதரைக்கும் இடையே பதின்மூன்றரை மணி நேரம், மறுபுறம் பத்தரை மணி நேரம்தான் இருக்கிறது. எட்டு மணி என்றால் சரிபாதியாக அமையும் என்பதால் அவர் மறுப்பதற்குக் காரணம் குறைவு. உணவோடு கொடுத்தால் வால்ப்ரோயேட் தரும் வயிற்றுக் குமட்டலும் குறையும். மருந்து உள்ளே போனதும் ஒரு வாய் தண்ணீர், அரைமணி கழித்துப் பல் துலக்குதல், அதன்பின் விடியும்வரை தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. சிட்டிகைச் சர்க்கரையை விட்டுவிடுங்கள், கசப்புக்கு உணவின் அடுத்த கவளமே போதும்.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் அது அனுபவத்திலிருந்து வந்த அச்சம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் வந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1000 பிபிஎம் பற்பசையில் ஓர் அரிசி அளவு எடுத்தால், அது ஏறத்தாழ 0.1 கிராம், அதிலுள்ள ஃப்ளோரைடு 0.1 மி.கி. இருவேளையும் முழுவதையும் விழுங்கினாலும் 0.2 மி.கி.தான். ஒரு லிட்டருக்கு 1.5 மி.கி. ஃப்ளோரைடு உள்ள ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் 1.5 மி.கி. உள்ளே போகிறது. ஆகவே மாற்ற வேண்டியது முதலில் தண்ணீர். வீட்டில் வருவது ஆற்றுநீரா ஆழ்குழாய் நீரா என்று தெரிந்துகொள்ளுங்கள், சோதித்தும் பாருங்கள். நான்கு வயதுக்கு வழக்கமாகப் பட்டாணி அளவு சொல்வோம், உங்கள் ஊர் நிலை தெரியும்வரை அரிசி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், துலக்குவது பெரியவர் கையாக இருக்கட்டும், நுரையைத் துப்பச் செய்யுங்கள்.

குழி விழாத வெள்ளைக் கோடு திரும்பக்கூடியது. பல்மருத்துவமனையில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் பூசினால், மிகச் சிறிய அளவே தேவைப்படுவதாலும் பல்லிலேயே ஒட்டி நிற்பதாலும் உடலுக்குள் போகும் சுமை குறைவு. அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் பரிசோதனையில் பல் சொத்தையும் அடங்கும், பரிந்துரைச் சீட்டை அங்கேயே கேட்கலாம்.

ரேவதி_திருச்சி

ஃப்ளோரைடு மிகுந்த ஊரில் பற்பசையையும் சேர்ப்பது பற்றி எங்கள் பல்மருத்துவர் இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் இன்னும் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது இது, தண்ணீர்ச் சோதனை வரும்வரை பசையே வேண்டாம், வார்னிஷ் போதும் என்பார் அவர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பல்மருத்துவர்_குழந்தைகள்_பிரிவு

அந்த எச்சரிக்கை தவறன்று, சொத்தை தொடங்காத குழந்தைக்கு நானும் காத்திருப்பேன். இங்கே சொத்தை தொடங்கிவிட்டது, சர்க்கரை நாளுக்கு இருமுறை வந்துகொண்டே இருக்கும், ஆதலால் அரிசி அளவை நான் விட மாட்டேன். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

மாலதி_பாலக்கோடு

நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டோம். இரவு மருந்தை எட்டு மணிக்கு உணவோடு மாற்ற ஒப்புக்கொண்டார். நிறுவனத்தை இப்போது மாற்ற வேண்டாம், வலிப்பில்லாமல் இன்னும் சில மாதம் போகட்டும், அடுத்த வருகையில் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வருவது ஒகேனக்கல் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் கலந்தது என்று தெரிந்தது, மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். பற்பசைச் சண்டை ஓயவில்லை. வார்னிஷ் பூசியாகிவிட்டது, ஆனால் இடப்பக்க மேல் கடைவாய்ப் பல் ஒன்றில் சிறு குழி இருப்பதாகவும், அது ஆழமானால் பல்லை எடுக்க நேரலாம் என்றும் சொன்னார்கள். வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தைக்குப் பல் எடுப்பதில் ஆபத்து உண்டா?

பல்மருத்துவர்_குழந்தைகள்_பிரிவு

இந்த நிலையில் எடுப்பதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. சில்வர் டையமைன் ஃப்ளோரைடு தடவினால் அந்தக் குழி வளராமல் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு, சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எப்போதேனும் எடுக்கவே நேர்ந்தால், வால்ப்ரோயேட் சில குழந்தைகளுக்கு இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும் என்பதால், எந்தப் பல்மருத்துவரிடம் போனாலும் மருந்தின் பெயரையும் அளவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தட்டணு எண்ணிக்கைப் பரிசோதனையைப் பார்த்தபிறகே கையை வைப்பார்கள். அன்று காலை மருந்தை வழக்கம்போல் கொடுத்துவிட வேண்டும். மயக்கமருந்து தேவைப்பட்டு வெறும்வயிற்றோடு வரச் சொன்னால்கூட, வலிப்பு மருந்தைத் தவிர்க்கலாமா என்பதை மயக்கமருந்து மருத்துவரிடம் கேட்டபின்பே முடிவு செய்யுங்கள்.